மேக்கப் கலைக்க எது நல்லது: ஆயிலா, பாமா, மைசெல்லார் வாட்டரா?

மேக்கப் போட்ட நாளில் இரவு முகத்தை இரண்டு முறை கழுவ வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். முதலில் எண்ணெய்த் தன்மை உள்ள ஒன்று, அப்புறம் ஃபேஸ் வாஷ். இதைத்தான் டபுள் கிளென்சிங் என்கிறார்கள். இரண்டாவது படியில் யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. முதல் படிக்கு எதை வாங்குவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். கிளென்சிங் ஆயில், கிளென்சிங் பாம், மைசெல்லார் வாட்டர், வீட்டில் இருக்கும் சாதாரண எண்ணெய், மேக்கப் வைப்ஸ் என்று ஐந்து வழிகள் இருக்கின்றன. ஐந்துமே மேக்கப்பைக் கலைக்கும்.

எது நன்றாகக் கலைக்கிறது என்று மட்டும் பார்த்தால் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. நான் பார்ப்பது வேறொன்றை. கரைத்த மேக்கப்போடு சேர்ந்து அந்தப் பொருளும் முகத்தை விட்டு முழுசாகப் போகிறதா? காலையில் முகம் மங்கலாகப் பிசுபிசுத்தால், கரைந்தும் கழுவப்படாமல் நின்ற எண்ணெய்யும் நிறமும்தான் பல நேரம் காரணம். காலையில் முகம் சிவந்து இறுகிக் கிடந்தால், மேக்கப்பைப் போக்க முந்தின இரவு தேய்த்த தேய்ப்பு காரணம். இந்த இரண்டும் இல்லாத ஒரு ஜோடியைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

ஃபேஸ் வாஷ் மட்டும் ஏன் போதவில்லை

நாள் முழுக்கக் கலையாது என்று விற்கப்படும் ஃபவுண்டேஷனில் ஐசோடோடெக்கேன் போன்ற, காற்றில் பறந்துவிடும் திரவம் ஒன்று இருக்கும். பூசிய சில நிமிடங்களில் அது ஆவியாகிவிடும். பின்னால் நிற்பது சிலிக்கோன் ரெசின், நிறத்தூள், கொஞ்சம் மெழுகு ஆகியவை சேர்ந்த மெல்லிய படலம். தண்ணீர் பட்டால் கலையாமல் இருப்பதற்கென்றே செய்த படலம் அது. வாட்டர் ரெசிஸ்டன்ட் சன்ஸ்கிரீனும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. வாட்டர்புரூஃப் மஸ்காராவில் மெழுகு இன்னும் அதிகம்.

ஃபேஸ் வாஷ் வேலை செய்வது தண்ணீரில். வியர்வை, தூசி, தோலில் சுரக்கும் எண்ணெய், லேசான கிரீம் இவற்றை அது நன்றாகவே எடுக்கும். ரெசின் படலத்தின் மேல் அது வழுக்கிக்கொண்டு போகும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கொஞ்சம் நுரை, இன்னும் கொஞ்சம் தேய்ப்பு, இன்னும் கொஞ்சம் சூடான தண்ணீர். படலம் திட்டுத்திட்டாக உரிகிறது. உரிந்த இடத்தில் தோலின் சொந்த எண்ணெய்யும் கூடவே போகிறது. மூக்கோரத்தில் மேக்கப் நிற்க, கன்னம் மட்டும் வறண்டுபோவது இப்படித்தான்.

எண்ணெய் இந்தப் படலத்தை உராயாமலே இளக்கிவிடும். அதனால்தான் இரண்டு படிகள்: முதலாவது இளக்க, இரண்டாவது மிச்சத்தை எடுக்க. இதிலிருந்தே இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கு நீங்கள் மேக்கப்பே போடவில்லை, வாட்டர் ரெசிஸ்டன்ட் அல்லாத லேசான சன்ஸ்கிரீன் மட்டும்தான் என்றால், மென்மையான ஃபேஸ் வாஷ் ஒன்றே போதும். தினமும் இரண்டு முறை கழுவியே ஆகவேண்டும் என்பது விற்பவர்களுக்கு நல்ல விதி. தோலுக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

கிளென்சிங் ஆயில்

பெயர் எண்ணெய் என்றாலும் இதில் எண்ணெய் மட்டும் இல்லை. எமல்சிஃபையர் என்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். அதன் ஒரு முனை எண்ணெய்யோடு ஒட்டும், இன்னொரு முனை தண்ணீரோடு ஒட்டும். தண்ணீர் படாத வரை இது சும்மா எண்ணெய்தான். தண்ணீர் சேர்ந்ததும் பால் போல வெளுத்து, கரைத்த மேக்கப்பைத் தூக்கிக்கொண்டு கழுவுநீரோடு போய்விடும். மற்ற நான்கு வழிகளையும் இதோடு ஒப்பிட இந்த ஒரு குணம்தான் அளவுகோல்.

இதைச் சரியாகப் பயன்படுத்துவதில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் கையும் முகமும் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று பம்ப் எடுத்து, விரல் நுனிகளால் ஒரு நிமிடம் முகம் முழுக்க வட்டமாக ஓட்ட வேண்டும். அழுத்தம் தேவையில்லை, விரல் தோல் மேல் வழுக்க வேண்டும், தோலை இழுக்கக் கூடாது. இழுத்தால் எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம், இன்னொரு பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கோரம், முடி தொடங்கும் இடம், தாடையின் கீழ்ப்பக்கம், காதுக்கு முன்னால் என்று மேக்கப் ஒளிந்துகொள்ளும் நான்கு இடங்களுக்கும் போக வேண்டும். நெற்றியையும் கன்னத்தையும் யாரும் விடுவதில்லை, இந்த நான்கையும்தான் விட்டுவிடுகிறோம்.

இரண்டாம் கட்டம்தான் பலர் தாண்டிக் குதிக்கும் கட்டம். கையை மட்டும் நனைத்துக்கொண்டு, எண்ணெய் இருக்கும் முகத்தில் மறுபடி ஓட்ட வேண்டும். எண்ணெய் வெளுக்கத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, முகம் முழுக்கப் பால் நிறமாகும்வரை அரை நிமிடம் தொடர வேண்டும். இப்படிச் செய்யாமல் நேரடியாகக் குழாயைத் திறந்து தண்ணீரை வாரி அடித்தால், மேலே இருக்கும் எண்ணெய் ஓடிவிடும், தோலை ஒட்டிய அடுக்கு அப்படியே நிற்கும். "ஆயில் போட்டால் எனக்குப் பரு வருகிறது" என்பவர்களிடம் இந்தக் கட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பாதிப் பேர் அப்படி ஒன்று இருப்பதையே அறிந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுவது. தண்ணீர் கலங்கலின்றி ஓடும்வரை.

குறை என்ன? முகத்தில் முன்கூட்டியே ஈரம் இருந்தால் எண்ணெய் உடனே பாலாகிவிடும். அப்புறம் ரெசினை இளக்கும் வலு குறைந்துபோகும். குளியலறையில் ஷவருக்கு அடியில் நின்றுகொண்டு போடுகிறவர்களுக்கு இது சரிவராது. அடுத்து, வாசனை எண்ணெய்கள் நிறையச் சேர்த்த ஆயில்கள் கண்ணை எரிக்கும், உணர்ச்சி மிகுந்த தோலைச் சிவக்க வைக்கும். வாங்கும்போது வாசனையில்லாததைப் பார்ப்பது நல்லது. பொருள் பட்டியலில் மினரல் ஆயில் இருந்தால் பதற வேண்டாம். அழகுசாதனத் தரத்துக்குச் சுத்திகரித்த மினரல் ஆயில் துளைகளை அடைப்பதில்லை. கழுவிவிடும் பொருளில் அது இருப்பதில் பிரச்சினையும் இல்லை.

கிளென்சிங் பாம்

பாமும் ஆயிலும் உறவுக்காரர்கள். அதே எண்ணெய், அதே எமல்சிஃபையர், கூடவே கெட்டியாக்க ஒரு மெழுகு. உள்ளங்கைச் சூட்டில் இளகி எண்ணெய் ஆகும். கையிலிருந்து வழியாது, பயணத்தில் சிந்தாது, கனமான மேக்கப்பின் மேல் நின்று வேலை செய்யும். வறண்ட தோல்காரர்களுக்கு இது ஆயிலைவிடப் பிடித்துப்போவதுண்டு.

ஆனால் அந்த மெழுகுதான் இதன் பலவீனமும். நல்ல பாம் பாலாகி முழுசாகப் போய்விடும். சுமாரான பாம் போன பிறகும் முகத்தில் ஒரு மெழுகுப் பூச்சை விட்டுச்செல்லும். கழுவிய முகத்தில் தண்ணீர் சீராகப் பரவாமல் திவலை திவலையாக உருண்டு நின்றால் பூச்சு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது ஃபேஸ் வாஷ் அதை எடுத்துவிடும் என்பது சரிதான். ஆனால் அதை எடுக்கவே வலுவான ஃபேஸ் வாஷ் தேவைப்பட்டால், மென்மையாகக் கழுவலாம் என்று தொடங்கிய வேலைக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. எண்ணெய்ப் பசை அதிகம் உள்ள, பரு வரும் தோலுக்கு நான் பாமைவிட ஆயிலைத்தான் சொல்வேன்.

இன்னொரு சின்ன விஷயம். டப்பாவில் வருவதால் விரலை விட்டு எடுக்கிறோம். ஈரக்கையோடு விடாதீர்கள். கூடவே வரும் குட்டிக் கரண்டியைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் ஒரு முகத்துக்குப் போதும்.

மைசெல்லார் வாட்டர்

இது பார்க்கத் தண்ணீர், உள்ளே மிக மெல்லிய அளவில் சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பின் சாதுவான தம்பி. அந்த மூலக்கூறுகள் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்து மிதக்கும். பஞ்சில் நனைத்துத் தோலில் வைத்தால் எண்ணெய்யையும் நிறத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

லேசான மேக்கப்புக்கு இது அருமை. டின்டட் மாய்ஸ்சரைசர், பவுடர், சாதாரண காஜல் போன்றவை ஒன்றிரண்டு பஞ்சில் போய்விடும். ஆனால் நான் மேலே சொன்ன ரெசின் படலத்துக்கு இதன் வலு போதாது. பஞ்சு மேல் பஞ்சாக நாலைந்து தேவைப்படும், ஒவ்வொரு பஞ்சும் தோலை உராயும். கண்ணுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தோல் இதை மன்னிக்காது. மைசெல்லார் வாட்டரை மென்மையானது என்று சொல்வது அதன் திரவத்தைப் பற்றி. பஞ்சைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை.

"கழுவத் தேவையில்லை" என்று பாட்டிலில் எழுதியிருப்பதை நான் பின்பற்றுவதில்லை. சர்ஃபாக்டன்ட் தோலிலேயே இரவு முழுக்கக் கிடந்தால் சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு வாயோரமும் மூக்கோரமும் எரிந்து செதிலாகும். எப்படியும் இரண்டாவது படி ஃபேஸ் வாஷ் வரப்போகிறது என்பதால் இதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. அந்த இரண்டாவது படியை அலுப்பில் விட்டுவிடும் நாள்களில் மட்டும் தண்ணீராலாவது கழுவிவிடுங்கள்.

வீட்டு எண்ணெய்யும் வைப்ஸும்

தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் இரண்டும் மேக்கப்பை இளக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றில் எமல்சிஃபையர் கிடையாது. தண்ணீர் பட்டால் பாலாகாது, முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். துண்டால் துடைத்து, ஃபேஸ் வாஷால் இரண்டு தடவை கழுவிய பிறகும் கொஞ்சம் நிற்கும். வறண்ட, பரு வராத தோலுக்கு இதனால் பெரிய தொல்லை வராமல் போகலாம். பரு வரும் தோலில் தேங்காய் எண்ணெய்யைத் தொடாமல் இருப்பதே நல்லது. துளைகளை அடைக்கும் தன்மை அதற்கு உண்டு. நெற்றியிலும் தாடையிலும் ஒரே அளவில், அரிக்கும் சின்னச் சின்னப் பொரிகள் வருகிறவர்களுக்கும் இது வேண்டாம். அப்படிப்பட்ட பொரிகளுக்குக் காரணமாக இருக்கக்கூடிய மலசீசியா என்ற பூஞ்சை, இந்த எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்களை உணவாக்கிக்கொண்டு வளரும்.

இயற்கையானது என்ற காரணத்துக்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. கழுவிப் போகுமா என்று மட்டும் கேட்பேன்.

வைப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேக்கப்பை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பூசும், தோலை உராயும், தன் திரவத்தையும் பதனப்பொருளையும் முகத்தில் விட்டுப்போகும். தண்ணீரே கிடைக்காத பேருந்து இரவு, மருத்துவமனையில் துணைக்கு இருக்கும் இரவு என்று சில சூழல்களில் ஒன்றும் செய்யாததைவிட இது மேல். வீட்டில் குழாய் இருக்கும்போது இதற்கு இடமில்லை.

கண்ணுக்குத் தனிக் கணக்கு

முகத்துக்கு நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், கண்ணை அதே பொருளால் அதே வேகத்தில் தேய்ப்பதுதான் கண் எரிச்சலில் முடிகிறது. முதலில் உங்கள் மஸ்காரா எந்த வகை என்று தெரிய வேண்டும்.

வாட்டர்புரூஃப் மஸ்காராவுக்கு இரண்டு அடுக்குத் திரவம்தான் சரியான கருவி. பாட்டிலில் மேலே எண்ணெய்யும் கீழே நீரும் தனித்தனியாக நிற்கும். நன்றாகக் குலுக்கி, பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணின் மேல் வைத்து 20 முதல் 30 விநாடி சும்மா இருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. அப்புறம் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. மிச்சம் இருந்தால் பஞ்சைத் திருப்பி இன்னொரு முறை. இமையோரத்தில், முடியின் வேரில் நிற்கும் கறுப்பை நனைத்த காட்டன் பட்ஸால் எடுக்கலாம். அந்த வேரை விட்டுவிட்டால் மறுநாள் காலை கண்ணுக்குக் கீழ் ஒரு கரு நிழல் விழும்; அதைக் கருவளையம் என்று நினைத்துக் கிரீம் வாங்குகிறவர்கள் உண்டு.

டியூபிங் மஸ்காரா என்று இன்னொரு வகை இருக்கிறது. இது ஒவ்வோர் இமைமுடியையும் சுற்றி பாலிமர் குழாய் போல உறையும். இதை எண்ணெய் சரியாகக் கரைக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கொஞ்ச நேரம் வைத்து மெல்ல இழுத்தால் சின்னச் சின்னக் குழாய்களாகக் கழன்று வரும். இந்த வகையை வைத்துக்கொண்டு ஆயிலால் தேய்த்துத் தேய்த்துக் கண் சிவந்து, ஆயிலைத் திட்டுவது நியாயமில்லை. கண் ஒத்துழைக்காதவர்களுக்கு நான் சொல்லும் யோசனை, ரிமூவரை மாற்றுவதற்கு முன் மஸ்காராவை டியூபிங் வகைக்கு மாற்றிப் பாருங்கள் என்பதுதான்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கை கழுவி, லென்ஸை எடுத்த பிறகுதான் எதையும் முகத்தில் வைக்க வேண்டும். எண்ணெய் லென்ஸில் படிந்தால் பார்வை மங்கும், லென்ஸும் கெடும்.

இரண்டாவது படி

முதல் படி சரியாக இருந்தால் இதற்கு வேலை குறைவு. அதனால் பொருளும் சாதுவாக இருக்கலாம். நுரை அதிகம் வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை உடையது, பிஎச் 5-ஐ ஒட்டி. குளியல் சோப்பு 9-லிருந்து 10 வரை போகும். சோப்பால் கழுவிய பின் முகம் கீச்சென்று இருக்கிறதே, அது சுத்தத்தின் அடையாளம் அல்ல, தோலின் காப்பு எண்ணெய்யும் போய்விட்டது என்பதற்கு அடையாளம்.

பொருள் பட்டியலில் கோகாயில் கிளைசினேட், கோகாயில் ஐசெத்தியோனேட், லாரோயில் குளூட்டமேட் போன்ற பெயர்கள் முன்னால் வரும் ஃபேஸ் வாஷ்கள் பொதுவாக மென்மையானவை. எண்ணெய்ப் பசைத் தோலுக்கு ஜெல், வறண்ட தோலுக்கு நுரை குறைந்த கிரீம் வகை. ஒரு கடலை அளவைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துக் கையில் தண்ணீரோடு குழைத்து, அரை நிமிடம் முகத்தில் ஓட்டிக் கழுவினால் போதும். சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ் வாஷையும் கனமான மேக்கப் கலைக்கும் இரவையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஏற்கெனவே களைத்துப்போன தோலுக்கு அது அதிகம். பிரஷ், முரட்டுத் துணி, ஸ்கிரப் எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

ஒரு இரவை எடுத்துப் பார்ப்போம்

என் தோழி ஒருத்திக்கு நெற்றியும் மூக்கும் எண்ணெய், கன்னம் வறட்சி. மாலை நிகழ்ச்சிகளை மேடையில் தொகுத்து வழங்குகிறாள். அந்த நாள்களில் அவள் முகத்தில் இருப்பவை வாட்டர் ரெசிஸ்டன்ட் சன்ஸ்கிரீன், நாள் முழுக்க நிற்கும் ஃபவுண்டேஷன், வாட்டர்புரூஃப் மஸ்காரா, மேட் லிக்விட் லிப்ஸ்டிக். வீட்டுக்கு வந்ததும் வைப்ஸால் துடைத்துவிட்டு, நுரை பொங்கும் ஒரு ஃபேஸ் வாஷால் இரண்டு முறை கழுவுவாள். காலையில் கன்னம் சிவந்து இழுக்கும், மூக்கு பளபளக்கும், முடியோரத்தில் விரலால் தேய்த்தால் பழுப்பு வரும். இரண்டு முறை கழுவுவதால் தான் டபுள் கிளென்சிங் செய்வதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் இரண்டாவது படியைத்தான் இரண்டு முறை செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? மைசெல்லார் வாட்டர் அந்த ஃபவுண்டேஷனுக்குப் போதாது. வெறும் எண்ணெய் மூக்குக்கு ஆகாது. பாம் ஒத்துவந்திருக்கலாம், ஆனால் மிச்சம் நின்றால் நெற்றிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே வாசனையில்லாத கிளென்சிங் ஆயில், கண்ணுக்கும் உதட்டுக்கும் இரண்டு அடுக்குத் திரவம், அப்புறம் சாதுவான ஜெல்.

வரிசை இப்படி. கை கழுவித் துடைத்து, முடியை பேண்டால் பின்னுக்குத் தள்ளுவது; முடியோரத்து மேக்கப் போகாததற்குப் பாதிக் காரணம் அங்கே விழும் முடிதான். கண்ணுக்குப் பஞ்சு, அரை நிமிடப் பொறுமை. உதட்டுக்கும் அதே மாதிரி, ஓரத்திலிருந்து நடுவுக்கு. பிறகு காய்ந்த முகத்தில் மூன்று பம்ப் ஆயில், ஒரு நிமிடம். ஈரக்கையால் பாலாக்குவது அரை நிமிடம். கழுவுவது. ஜெல், அரை நிமிடம். மறுபடி கழுவி, சுத்தமான துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவள் முன்பு தேய்த்துக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

சிவப்பும் இழுப்பும் சில நாள்களிலேயே அடங்கின. முடியோரத்துப் பழுப்பு முதல் காலையிலேயே இல்லை. தாடையோரத்தில் இருந்த சின்ன முண்டுகள் குறைய வாரக்கணக்கில் ஆனது. அது அப்படித்தான் ஆகும். துளை அடைத்து அந்த முண்டு வெளியே தெரியவே வாரங்கள் பிடிக்கும், அதனால் நேற்றிரவு விட்ட மேக்கப் இன்று காலையே பருவாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரே இரவில் கிளம்பும் சிவந்த பொரிகளுக்குக் காரணம் பெரும்பாலும் எரிச்சல்: புதுப் பொருளின் வாசனை, உராய்வு, சூடான தண்ணீர். பழைய பருக்கள் விட்டுப்போன கருந்தழும்புகள் அவளுக்கு அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கழுவி எடுக்க முடியாது, அதற்கு வேறு சிகிச்சை, வேறு பொறுமை.

எல்லாம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்

பலர் கழுவிய பிறகு டோனரில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்க்கிறார்கள். பஞ்சில் ஃபவுண்டேஷனின் நிறம், அதாவது பழுப்போ ஆரஞ்சோ வந்தால் மேக்கப் நிற்கிறது. லேசான சாம்பல் நிறம் மட்டும் வந்தால் அது இறந்த தோல் செல்களாக இருக்கலாம். அதைப் பார்த்து மூன்றாவது முறை கழுவப் போகாதீர்கள். இந்தச் சோதனையை எப்போதாவது செய்தால் போதும். தினமும் செய்தால் அதுவே ஒரு தேய்ப்பு.

பஞ்சைவிட எனக்கு நம்பகமாகத் தெரிவது, கழுவிப் பத்து நிமிடம் ஒன்றும் தடவாமல் விட்டுப் பார்ப்பது. முகம் இறுகி இழுத்தால் இரண்டாவது படி வலுவாக இருக்கிறது, ஃபேஸ் வாஷை மாற்ற வேண்டும். விரல் நுனியில் பிசுக்கு ஒட்டினால் முதல் படி முழுசாகப் போகவில்லை, பாலாக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். கூட்டியும் போகவில்லை என்றால் பொருளையே மாற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உங்கள் ஜோடி சரியாக அமைந்துவிட்டது. தலையணை உறையையும் ஒரு முறை பாருங்கள். முந்தின இரவின் மஸ்காரா அங்கே கறையாக விழுந்திருந்தால், கண்ணுக்கான அரை நிமிடத்தை நீங்கள் பத்து விநாடியாகச் சுருக்கிவிட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது

கனமான, கலையாத மேக்கப் அடிக்கடி போடுகிறவர்களுக்கு, எண்ணெய்ப் பசைத் தோல் உட்பட, கிளென்சிங் ஆயில். தோல் வறண்டது, அல்லது பயணம் அதிகம் என்றால் பாம். மேக்கப் லேசானது, எப்போதாவது ஒரு காஜல், ஒரு பவுடர் என்பவர்கள் மைசெல்லார் வாட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆயில் தேவையே இல்லை. மாதத்தில் ஒரு நாள்தான் கனமான மேக்கப் என்றால், ஆயிலின் சின்ன பாட்டில் ஒன்றை அந்த நாளுக்கென்று வைத்துக்கொண்டு மற்ற நாள்களை ஃபேஸ் வாஷால் ஓட்டுங்கள். பெரிய பாட்டில் திறந்து வருடக்கணக்கில் கிடந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அப்போது அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கக் கிடைத்தால், முகம் தேவையில்லை, புறங்கை போதும். உங்கள் ஃபவுண்டேஷனையும் வாட்டர்புரூஃப் மஸ்காராவையும் ஒவ்வொரு கோடு இழுத்துப் பத்து நிமிடம் காய விடுங்கள். அதன் மேல் அரை பம்ப் ஆயிலை விட்டு விரலால் ஓட்டுங்கள். அரை நிமிடத்தில் கோடுகள் குழைந்து ஓட வேண்டும். பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர். வெள்ளையாகப் பாலானால் எமல்சிஃபையர் தன் வேலையைச் செய்கிறது. எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக நின்றால் அது வெறும் எண்ணெய்தான், பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கழுவிய பிறகு அந்த இடத்தையும் பக்கத்தில் இருக்கும் தோலையும் தடவி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் வாங்கலாம். ஒரு வழுவழுப்பு நின்றால், அதே வழுவழுப்பு நாளைக் காலை உங்கள் நெற்றியிலும் நிற்கும், அடுத்த பாட்டிலைக் கேளுங்கள்.